மறுமொழியோடு வரும் சொற்கள்: சஃபாரி, போலே, ஹராம்பே

போன தீபாவளி விடுமுறையில் என் பேத்தியைப் போரிவலி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள்: "தாத்தா, சஃபாரி போனோம், ஆனா புலியே வரல. அப்ப அது சஃபாரியா, இல்லையா?"

"அது சஃபாரிதாம்மா. புலி வந்தாலும் சஃபாரி, வராட்டியும் சஃபாரி. நீ இப்ப ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தியே, அதுவும் சஃபாரிதான்" என்றேன். அவள் நம்பவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்து நண்பர்கள் வந்தபோது, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றிற்று. நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவன் அல்லன், பருப்பு வியாபாரி. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து துவரை வாங்கி மும்பையில் விற்று வந்ததால் ஸ்வாஹிலி மொழியின் சில சொற்கள் என்னிடம் ஒட்டிக்கொண்டன. அவற்றில் ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்துக்கொண்டதால் எனக்குப் பண நஷ்டமும் ஒரு நல்ல மனிதரின் மனத்தாங்கலும் வந்து சேர்ந்தன. அந்தக் கதை வழியாகவே மூன்று சொற்களையும் காண்போம்.

கரையோரத்து மொழி

முதலில் மொழியைப் பற்றி இரண்டு வார்த்தை. 'ஸவாஹில்' என்றால் அரபியில் கடற்கரைகள். கென்யா, டான்ஸானியா நாடுகளின் கரையோரத்தில் வழங்கிய மொழிக்கு அதிலிருந்து பெயர் வந்தது. இலக்கணம் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சொற்களில் ஏராளமானவை அரபியிலிருந்து வந்தவை. நம் பக்கத்துச் சரக்கும் அங்கே உண்டு. காசுக்கு 'பேஸா', வண்டிக்கு 'காரி', இன்சூரன்ஸுக்கு 'பீமா', லட்சத்துக்கு 'லாகி'. மும்பையில் வாழும் நமக்கு இவற்றை யாரும் விளக்கத் தேவையில்லை. இன்று அது கோடிக்கணக்கானவர் பேசும் மொழி. ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு 2021-ஆம் ஆண்டில் ஜூலை 7-ஐ ஸ்வாஹிலி மொழி நாளாக அறிவித்தது.

ஒரு ஃபோன், ஒரு சொல், ஐம்பத்தேழு மூட்டை

1997-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் எல்-நினோ மழை கொட்டித் தீர்த்தது. அந்த டிசம்பரில் தார்-எஸ்-ஸலாம் நகர வியாபாரி ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு கன்டெய்னர் துவரை வந்தது. அதை அங்கே 'ம்பாஸி' என்பார்கள். ஐம்பது கிலோ மூட்டைகள் 480. ஆக 24 டன். நவசேவா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து கதவைத் திறந்தால் முடை நாற்றம். 57 மூட்டைகள் நனைந்து, பூஞ்சை பூத்து, கையை விட்டால் கதகதவென்று சுட்டன.

உடனே அந்த வியாபாரிக்கு ஃபோன் போட்டேன். எனக்கு அப்போது வயது முப்பத்தைந்து, பொறுமை கம்மி. நான் கத்தி முடிக்கும் வரை கேட்டுவிட்டு அவர் தாழ்ந்த குரலில், "போலே ஸானா, ப்வானா. போலே ஸானா" என்றார். 'ப்வானா' என்றால் ஐயா, 'ஸானா' என்றால் மிகவும் என்பது தெரியும். 'போலே' என்றால் என்ன என்று என் கடை குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த சிறு அகராதியைப் புரட்டி, "சாரின்னு போட்டிருக்கு முதலாளி" என்றார்.

அவ்வளவுதான். ஆள் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். "தாங்களே தொலைபேசியில் தவற்றை ஒப்புக்கொண்டபடியால், 57 மூட்டைகளின் விலையை அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறேன்" என்று ஃபேக்ஸ் அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்னொரு ஃபேக்ஸ் கொஞ்சம் சூடாகப் போயிற்று. அதற்கும் பதில் இல்லை. அதோடு வியாபாரம் நின்றது. அடுத்த பருவத்தில் அவர் சரக்கு என் கண் எதிரே வேறு கடைகளில் இறங்கிற்று.

போலே என்றால் என்ன?

1999 மே மாதம் வேறொரு சரக்கு விஷயமாக மொம்பாஸா போக வேண்டி வந்தது. அங்கே ஜாம்நகர்ப் பக்கத்து ஹாலாரி ஓஸ்வால் ஜைனர்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவர் வீட்டில், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். என் பழைய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவர் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கலையே! தப்பு செஞ்சவன் சொல்றது 'சமஹானி'. நம்ம பர்யூஷணத்துல 'மிச்சாமி துக்கடம்' சொல்றோமே, அந்த இடத்துல வர்ற சொல் அது. 'போலே'ங்கறது வேற. நீங்க கால் தடுக்கி விழுந்தா, பக்கத்துல போறவன் போலே சொல்வான். அவனா உங்கள தள்ளினான்?"

மறுநாள் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். கடைக்காரருக்குத் தும்மல் வந்தது, போலே. ஒரு அம்மாள் கையிலிருந்த பை அறுந்து தக்காளி உருண்டது. தெருவே போலே என்றது. பலர் சேர்ந்து துன்பப்பட்டால் 'போலேனி' என்று பன்மையில் சொல்கிறார்கள். நோயாளிக்கும் சாவு வீட்டுக்கும் அதே சொல்தான். இன்னொன்றுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. வெயிலில் மண்வெட்டியோடு நின்ற ஆளைப் பார்த்து, கடந்து போகிறவர் "போலே க்வா காஸி" என்றார். 'வேலைக்காகப் போலே' என்று பொருள். அவருக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை, பாடுபடுகிறார், அவ்வளவுதான். அந்தப் பாட்டை நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அந்த வார்த்தையின் வேலை.

இதற்கு மறுமொழி என்ன? 'பரவாயில்லை' என்று சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்டால்தானே பரவாயில்லை வரும்? "அசான்தே", அதாவது நன்றி என்கிறார்கள். சிலர் "நிமேபோவா" என்கிறார்கள். இந்த இரண்டாவது மறுமொழியில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'போவா' என்ற வினைக்கு ஆறுதல், குளிர்தல் என்று பொருள். ஆறிப்போன டீயைப் பார்த்து "சாய் இமேபோவா" என்பார்கள். ஆக "நிமேபோவா" என்றால் 'ஆறிவிட்டேன்'.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவனுக்கு மயிர்க்கூச்செறியும். பால் ஆறுகிறது, காயம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, துக்க வீட்டில் சொல்வது ஆறுதல். அவர்களுக்கும் அதே பாதை. சூடு தணிவதைக் குறிக்கும் வினைக்குப் பக்கத்திலேயே துயர் தணிக்கும் சொல்லும் நிற்கிறது. அது மட்டுமா? அதே சொல்லை இரட்டித்து 'போலே போலே' என்றால் மெல்ல மெல்ல என்று பொருள். நாமும் அவசரப்படுகிறவனிடம் 'ஆற அமர யோசி' என்கிறோம். கோபக்காரனிடம் 'ஆறப் போடு' என்கிறோம். சாந்தமான மனிதரை அவர்கள் 'ம்போலே' என்பார்கள். சாந்த குணம் 'உபோலே'. சூடு, துயரம், அவசரம் மூன்றையும் ஒரே கையால் தணிக்கும் சொல் இது. தமிழில் 'ஆறு' என்ற வினைக்கு வெகு அருகில் வருகிறது.

உடனே யாரும் ஸ்வாஹிலி தமிழிலிருந்து பிறந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். 'போலே', 'ஆறு' என்ற ஒலிகளுக்குள் ஒரு உறவும் கிடையாது. கடல் கடந்து இரண்டு மக்கள் ஒரே அனுபவத்தை ஒரே விதமாக நினைத்திருக்கிறார்கள். எனக்கு அதுவே போதுமான வியப்பு.

அகராதி எங்கே வழுக்கிற்று என்று பாருங்கள். 'சாரி' என்ற ஆங்கிலச் சொல் இரண்டு வேலை செய்கிறது. காலை மிதித்தவனும் சாரி என்கிறான். சாவு கேட்டு வருந்துகிறவனும் சாரி என்கிறான். ஸ்வாஹிலி அந்த இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்திருக்கிறது. அகராதி சுருக்கமாக 'சாரி' என்று போட்டதும், எனக்குப் பணம் வரக்கூடிய பொருளை நான் எடுத்துக்கொண்டேன்.

போலே போலே: சோம்பல் அல்ல

இரட்டைச் சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம். கிளிமாஞ்சாரோ மலை ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டிகள் ஓயாமல் சொல்வது "போலே போலே". வெளிநாட்டார் இதைக் கேட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர்களின் சோம்பலுக்குப் பெயர் என்று கேலி பேசுவதும் உண்டு. நடப்பது என்ன? அந்த உச்சி 5,895 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். உடம்பு அதற்குப் பழக நாட்கள் வேண்டும். வேகமாக ஏறுகிறவனுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அதையும் மீறிப் போனால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். நல்ல கால் பலம் உள்ள இளைஞர்களே அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம், அவர்களால் வேகமாக ஏற முடிவதுதான். நடந்துகொண்டே மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அந்த நடை சரி. பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். இதுதான் எளிய அளவுகோல்.

ஆகவே 'மெதுவாக' என்ற மொழிபெயர்ப்பு பாதிதான். 'மெதுவாக' என்பது வேகத்தின் அளவு. 'போலே போலே' என்பதில் உன் உடம்பின் மேல் எனக்கு அக்கறை இருக்கிறது என்ற இதமும் கலந்திருக்கிறது. தடுக்கி விழுந்த பிறகு சொல்வது போலே. விழுவதற்கு முன்னால் சொல்வது போலே போலே என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன். அவர்களிடம் "ஹரக்கா ஹரக்கா ஹைனா பரக்கா" என்று ஒரு பழமொழி உண்டு. அவசரத்தில் பரக்கத் இல்லை என்று பொருள். நம் ஊரில் 'பதறாத காரியம் சிதறாது' என்பதும் இதுவே.

ஒரு நடை

மொம்பாஸா பெரியவர் என்னை விடவில்லை. "இங்க வரைக்கும் வந்துட்டீங்க, தார்-எஸ்-ஸலாம் போய் அவரப் பாத்துட்டுப் போங்க" என்றார். பஸ் ஏறினேன். வாசலில் நின்று அவர் சொன்னது "சஃபாரி ன்ஜேமா". நல்ல பயணம் ஆகட்டும் என்று பொருள்.

'ஸஃபர்' என்ற அரபிச் சொல்லை நாம் இந்திப் பாட்டுகளில் தினம் கேட்கிறோம். அதுவே அங்கே சஃபாரி. பயணம் செய்கிறவர் 'ம்ஸஃபிரி'. தாய் வீட்டுக்குப் போவது, கோர்ட்டுக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாமே சஃபாரிதான். அது மட்டுமன்று, 'சஃபாரி ஹீ' என்றால் 'இந்தத் தடவை'. நம் கிராமத்தில் "நாலு நடை தண்ணி எடுத்தேன்", "இந்த நடை விட்டுட்டேன்" என்பார்கள் அல்லவா? நடப்பதைக் குறித்த சொல் எண்ணிக்கைக்கும் வந்துவிட்டது. அங்கேயும் அதே கதை.

மிருகம் எப்படி இந்தச் சொல்லுக்குள் வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையோரத்துப் பாகமோயோ ஊரிலிருந்து உள்நாட்டு டபோரா, உஜிஜி ஊர்களுக்கு வியாபாரக் கூட்டங்கள் மாதக்கணக்கில் நடந்து போயின. அந்தக் கூட்டத்துக்கே சஃபாரி என்று பெயர். போகும்போது துணி, மணி. வரும்போது யானைத் தந்தம். அத்தனையும் மனிதத் தலையில். ஒருவருக்கு ஏறக்குறைய முப்பது கிலோ. தந்தத்தோடு அடிமைகளும் விலைபோன காலம் அது. இந்தப் பயணங்களுக்கு முதல் போட்டவர்களில் ஜான்ஸிபாரில் இருந்த இந்திய வியாபாரிகளும் உண்டு. ஜெய்ராம் சிவ்ஜி, தாரியா தோபன் ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. வியாபாரியான நான் இதை மறைத்து எழுதினால் நியாயம் ஆகாது.

பிறகு வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதே சுமைகாரர்களை அமர்த்திக்கொண்டு, அதே சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க அதிபராக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் போன வேட்டைப் பயணம் இந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பரப்பிற்று. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போய்க் கேமரா வந்தது. சுமையும் களைப்பும் உதிர்ந்து, ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்ப்பது மட்டும் உலக மொழிகளில் தங்கிவிட்டது.

சேற்றில் ஒரு கூவல்

மே மாதம் அந்தக் கரையில் பெருமழைக் காலம். கென்யா எல்லை தாண்டி ஹொரோஹொரோவிலிருந்து டாங்கா வரை அப்போது மண் ரோடு. பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் பின்னால் நின்று, நீளமாக இழுத்து "ஹராஆஆம்பே!" என்று கூவினார். நாற்பது பேர் ஒரே மூச்சில் "ஹே!" என்று தள்ளினோம். மூன்றாவது கூவலுக்குச் சக்கரம் எழும்பிற்று.

'ஒன்று சேர்ந்து இழுப்போம்' என்று அகராதி போட்டிருக்கும். ஆனால் கூவுகிறபோது அது வாக்கியம் இல்லை. இழுத்த ஒலியில் மூச்சைப் பிடிக்கிறோம். விடுகிற நொடியில் பலத்தைப் போடுகிறோம். நாற்பது பேர் ஆளுக்கொரு நொடியில் தள்ளினால் பஸ் நகராது. நம் மீனவர்களின் 'ஐலசா'வும், மும்பைக் கூலிக்காரர்களின் 'ஜோர் லகாகே ஹைஷா'வும் செய்கிற வேலை இதுதான். 'ஐலசா'வை மொழிபெயர்த்துக் காட்டுங்கள், பார்ப்போம்!

இந்தக் கூவலை ஜோமோ கென்யாட்டா 1963-இல் நாட்டின் முழக்கமாக்கினார். கென்யாவின் அரசு முத்திரையில் இன்றும் அந்தச் சொல் பொறித்திருக்கிறது. மேடையில் அவர் கூவ, கூட்டம் எதிரொலிக்கும். விடுதலைக்குப் பின் அரசிடம் காசு போதவில்லை. ஊரார் கல்லும் பணமும் உழைப்பும் கொடுத்துப் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். அவற்றுக்கே 'ஹராம்பே பள்ளிகள்' என்று பெயர். மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் பணம் திரட்டும் கூட்டம் ஹராம்பே ஆயிற்று. நம் பக்கத்து மொய் எழுதுவது போல யார் எவ்வளவு என்று எல்லோர் முன்பும் தெரிந்துவிடும்.

அங்கேதான் கோணல் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் பெரிய தொகை வைக்கிறவன் பெரிய மனிதன். தேர்தலில் நிற்கிறவர்கள் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. அதிகாரிகள் கேட்டால் கீழே இருப்பவர்கள் மறுக்க முடியவில்லை. 2003-இல் வந்த அரசு ஊழியர் ஒழுக்கச் சட்டம், பதவியைப் பயன்படுத்தி ஹராம்பே வசூல் செய்வதைத் தடுத்தது. அதன் பிறகும் வழக்கம் ஓயவில்லை. 2024-இல் இளைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பின், அரசுப் பதவியில் இருப்பவர்கள் ஹராம்பேக்களில் பங்கெடுக்கக் கூடாது என்று அதிபர் ரூட்டோ அறிவிக்க வேண்டி வந்தது. சேற்றில் தள்ளும்போது யார் எவ்வளவு தள்ளினார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்கத் தொடங்கியதும் அதே சொல் வேறு எடை பெற்றது. 'கூட்டு முயற்சி' என்று மொழிபெயர்த்தால் கல் சுமந்த அந்தப் பெருமையும் வராது. இந்தக் கசப்பும் வராது.

நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். 1896 முதல் 1901 வரை மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் போனார்கள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். அவர்கள் தண்டவாளம் தூக்கும்போது 'ஹர் அம்பே' என்று தேவியை அழைத்ததே ஹராம்பே ஆயிற்று என்பது கதை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போனவர்கள். அவர்களில் முஸ்லிம்கள் மிகுதி. அம்பாஜி வழிபாடோ குஜராத்தில் சிறப்பு. மொழி அறிஞர்கள் பலர் இது கரையோர மக்களின் பாண்டு மொழிச் சொல்லே என்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் சாட்சி ஆகாது. 'பேஸா', 'பீமா' போன்றவற்றில் ஒலி, பொருள், வந்த வழி மூன்றும் பொருந்துகின்றன. ஹராம்பேயில் ஒலி மட்டுமே பொருந்துகிறது. இந்தக் கதையை நம்பி, இது வேற்றுத் தெய்வத்தின் பெயர், முத்திரையில் இருக்கக் கூடாது என்று கென்யக் கிறிஸ்தவர்களில் சிலர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். ஒருவர் பெருமைக்குச் சொன்ன கதை இன்னொருவருக்கு மனக்கசப்பாக முடிகிறது.

கணக்குத் தீர்ந்த விதம்

இருட்டிய பிறகு தார்-எஸ்-ஸலாம் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை அந்த வியாபாரியின் கடைக்குப் போனேன். என் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன முதல் வார்த்தை "போலே நா சஃபாரி". பயணத்துக்காகப் போலே.

ஊர் போய் வந்தவரிடம் அங்கே எல்லோரும் சொல்வது இது. சஃபாரி என்றால் களைப்பு உண்டு, அதை ஆற்ற வேண்டும் என்பது அந்த இரண்டு சொல்லிலும் அடங்கியிருக்கிறது. சிங்கம் பார்த்தாயா என்று அதில் கேள்வி இல்லை. "அசான்தே" என்றேன். பிறகு நான் கற்றுக்கொண்டு வந்த அடுத்த சொல்லைச் சொன்னேன்: "சமஹானி." அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு டீ வரவழைத்தார்.

டீ குடித்தபடி, கொண்டுபோயிருந்த பழைய காகிதங்களை விரித்தோம். கன்டெய்னரில் பருப்பு நனைய மூன்று வழி உண்டு. ஈரமான சரக்கையே ஏற்றியிருந்தால் நடு மூட்டைகளும் சூடேறிப் பரவலாகக் கெடும். வெப்ப மாறுதலால் கன்டெய்னர் உள்ளே வியர்த்தால் மேல் வரிசையும் சுவரோர மூட்டைகளும் நனையும். கூரையில் ஓட்டை இருந்தால் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாகத் தூண் மாதிரி நனையும். நவசேவாவில் என் சர்வேயர் எழுதிய குறிப்பில் மூன்றாவதுதான் இருந்தது: ஒரு மூலை, மேலிருந்து கீழ், 57 மூட்டை. குற்றம் கன்டெய்னர் மேல். கேட்டிருக்க வேண்டியது கப்பல் கம்பெனியையும் பீமாவையும். கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. அது கடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 'சாரி' என்று கேட்டதும் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்து, அந்தக் குறிப்பை நான் ஒழுங்காகப் படிக்கவே இல்லை. மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான துவரை என் கணக்கிலேயே நின்றது.

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் மறுபடி சொன்னார்: "போலே ஸானா, ப்வானா." ஒன்றரை வருஷத்துக்கு முன் ஃபோனில் கேட்ட அதே சொல், அதே தாழ்ந்த குரல். இந்த முறை மறுமொழி எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து வேற்று மொழிச் சொல் ஒன்றைக் கேட்டால் அகராதிப் பொருளோடு நிறுத்துவதில்லை. இதை யார் யாரிடம் சொல்கிறார்கள், எந்த நேரத்தில் சொல்கிறார்கள், என்ன மறுமொழி எதிர்பார்க்கிறார்கள் என்று மூன்றையும் கேட்டுக்கொள்கிறேன். மறுமொழி தெரியாத சொல் பாதிச் சொல்தான். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் விஷயத்திலும் இது கவனிக்க வேண்டியது. "போயிட்டு வரேன்" என்று நான் சொன்னால் என் பேத்தி 'பை' என்கிறாள். அவளுக்கு அந்தத் தமிழ் புரிகிறது. "போயிட்டு வாங்க தாத்தா" என்ற மறுமொழிதான் வாயில் வரவில்லை. அதை யாராவது சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

அன்று வாசலில் நின்றவளிடம் நானும் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். கால் வலிக்க நடந்து, புலியையும் பாராமல், ஆட்டோவில் குலுங்கி வந்த குழந்தை. மறுநாள் சொன்னேன்: "போலே நா சஃபாரி." 'அசான்தே' என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள். இப்போது நான் மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தால் அவள் எனக்குச் சொல்கிறாள்.